எத்தனை நிமிடம் மோட்டார் ஓட்டலாம்?

நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஓர் அக்கா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு அரை ஏக்கர் செவ்வல் மண் நிலம். அதில் தக்காளி. தண்ணீர் கொடுப்பது ஒரு போர். அரசு மானியத்தில் சொட்டுநீர்க் குழாயும் போட்டாகி விட்டது.

சித்திரை மாதம். தக்காளி காய் பிடித்திருந்தது. அக்கா தினமும் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓட்டினாள். ஆனாலும் கடைசி வரிசைச் செடிகள் வாடின. காய்களின் அடிப்பக்கம் கறுத்து அழுகியது. மோட்டாருக்குப் பக்கத்து வரிசைகளில் மட்டும் மண் சேறாக இருந்தது.

பக்கத்து நிலத்துத் தம்பி வந்து பார்த்தான்.

"அக்கா, எதை வைத்து இரண்டு மணி நேரம் என்று முடிவு செய்தாய்?"

"எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், தம்பி."

"உன் குழாய் வேறு, உன் போர் வேறு. நாமே அளந்து கணக்குப் போடலாம், வா."

இருவரும் மூன்று அளவு எடுத்தார்கள். நாமும் அவற்றைக் கற்றுக்கொள்வோம்.

முதல் அளவு: சொட்டுவான்

குழாயில் தண்ணீர் சொட்டும் இடத்துக்குச் சொட்டுவான் என்று பெயர். டிரிப்பர் என்றும் சொல்வார்கள். அக்கா நிலத்தில் உள்ளவை மணிக்கு 4 லிட்டர் சொட்ட வேண்டியவை.

சொட்டுவானுக்கு அடியில் சிறு பள்ளம் பறியுங்கள். அதில் ஒரு டம்ளரை வையுங்கள். சரியாக 3 நிமிடம் தண்ணீர் பிடியுங்கள். அதை மில்லி அளவு போட்ட பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். வந்த அளவை 20 ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு மணி நேரத்துத் தண்ணீர். ஒரு மணியில் இருபது 3 நிமிடம் இருக்கிறது அல்லவா?

200 மில்லி வந்தால் 200 × 20 = 4,000 மில்லி. அதாவது 4 லிட்டர். இது சரியான அளவு.

அக்கா நிலத்தில் வந்தது வேறு.

முதல் வரிசை: 150 மில்லி. மணிக்கு 3 லிட்டர்.
கடைசி வரிசை: 60 மில்லி. மணிக்கு 1.2 லிட்டர் மட்டுமே.

இரண்டு மணி நேரத்தில் முதல் செடிக்கு 6 லிட்டர் கிடைத்தது. கடைசிச் செடிக்கு 2.4 லிட்டர்தான் கிடைத்தது.

இரண்டாம் அளவு: போர்

ஏன் இந்த வேறுபாடு? போரை அளந்தால் தெரியும்.

மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். முதலில் வருவது போரில் தேங்கி நின்ற தண்ணீர். அதை அளந்தால் கணக்குத் தப்பாகும். அதன் பிறகு 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் பிடியுங்கள்.

அக்காவின் டிரம் நிறைய 2 நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு 100 லிட்டர். மணிக்கு 100 × 60 = 6,000 லிட்டர்.

வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர் இடைவெளி. செடிக்குச் செடி 0.6 மீட்டர். அரை ஏக்கரில் சுமார் 2,800 செடிகள். செடிக்கு ஒரு சொட்டுவான். எல்லாம் சரியாகச் சொட்ட 2,800 × 4 = 11,200 லிட்டர் வேண்டும். போர் கொடுப்பதோ 6,000 லிட்டர்!

குழாயில் அழுத்தம் போதவில்லை. முன்னால் இருப்பவை தண்ணீரை எடுத்துக்கொண்டன. கடைசி வரை தண்ணீர் போய்ச் சேரவில்லை.

தம்பி ஒரு வழி சொன்னான். நிலத்தை இரண்டு பாகம் ஆக்கினார்கள். பாகத்துக்கு ஒரு வால்வு வைத்தார்கள். ஒரு பாகத்தில் 1,400 சொட்டுவான். 1,400 × 4 = 5,600 லிட்டர். இது 6,000க்குள் அடங்கும். முதலில் ஒரு பாகம், பிறகு மறு பாகம் என்று பாய்ச்ச வேண்டும்.

பாகம் பிரித்த பின் மறுபடி அளந்தார்கள். கடைசி வரிசையிலும் 190 மில்லி வந்தது.

மூன்றாம் அளவு: செடியின் தேவை

வெயிலில் நிலத்துத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. இலை வழியாகவும் போகிறது. இதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் என்றால், அது 1 லிட்டர். இதை மனதில் வையுங்கள்.

நம் பக்கத்தில் கோடையில் ஒரு நாளுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் போகும். குளிர் மாதங்களில் சுமார் 4 போகும்.

இளம் செடி இதில் பாதிக்குச் சற்று மேலே கேட்கும். அதற்கு 0.6 ஆல் பெருக்குங்கள். பூவும் காயும் உள்ள செடி சற்றுக் கூடுதலாகக் கேட்கும். அதற்கு 1.15 ஆல் பெருக்குங்கள்.

அக்காவின் செடி காய்ப் பருவம். 6 × 1.15 = 6.9. இதை 7 என்று கொள்வோம்.

ஒரு செடிக்கு உரிய இடம் 1.2 × 0.6 = 0.72 சதுர மீட்டர்.

ஒரு செடிக்குத் தேவை 7 × 0.72 = 5.04. அதாவது 5 லிட்டர்.

இனி நிமிடம்

தேவையைச் சொட்டுவான் அளவால் வகுத்து, 60 ஆல் பெருக்க வேண்டும்.

5 ÷ 4 × 60 = 75 நிமிடம்.

இது ஒரு பாகத்துக்கு. இரண்டு பாகத்துக்கும் 150 நிமிடம். அதாவது இரண்டரை மணி நேரம்.

"முன்னை விட அரை மணி கூடுதலா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆமாம் அக்கா. ஆனால் இப்போது எல்லாச் செடிக்கும் போகிறது. செடி சிறிதாக இருந்தபோதும் இரண்டு மணி ஓட்டினாயே. அப்போது செடிக்கு 2.6 லிட்டர் போதும். பாகத்துக்கு 40 நிமிடம்தான். அங்கேதான் போர்த் தண்ணீர் வீணானது."

செவ்வல் மண் தண்ணீரை அதிகம் பிடித்து வைக்காது. அதனால் 75 நிமிடத்தையும் ஒரே தடவையில் விட வேண்டாம். காலையில் 40, மாலையில் 35 என்று பிரிக்கலாம். கரண்டு ஒரு வேளைதான் வந்தால், தினமும் அதே வேளையில் விடுங்கள். ஒரு நாள் காய்ச்சல், மறுநாள் சேறு என்றால் காயின் அடி கறுக்கும். பழம் வெடிக்கும்.

மண்ணைக் கேளுங்கள்

கணக்கு சுமாரானது. முடிவு சொல்வது மண். மறுநாள் காலையில் செடி அருகே ஒரு சாண் ஆழம் தோண்டுங்கள். மண்ணை எடுத்துப் பிடியுங்கள்.

உருண்டை பிடித்து நின்றால் அளவு சரி.
பிடிக்காமல் உதிர்ந்தால் 10 நிமிடம் கூட்டுங்கள்.
கையில் நீர் கசிந்தால் 10 நிமிடம் குறையுங்கள்.

மழை பெய்தாலும் இப்படியே தோண்டிப் பாருங்கள். மேல் மண் மட்டும் நனைந்திருந்தால் பாசனத்தை நிறுத்த வேண்டாம்.

வாரம் ஒரு முறை டம்ளர் அளவு எடுங்கள். 180 மில்லிக்குக் குறைந்தால் காரணம் தேடுங்கள். முதலில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து, தெளிந்த நீர் வரும் வரை விடுங்கள். அதன் பிறகும் எல்லா வரிசையிலும் குறைவாக வந்தால், போரை அளந்து பாருங்கள். போர் 4,000 லிட்டராக இறங்கி இருந்தால், இரண்டு பாகம் போதாது. மூன்று பாகம் வேண்டும். 75 × 3 = 225 நிமிடம். அத்தனை நேரம் கரண்டு இருக்கிறதா? இல்லை என்றால் அடுத்த கோடையில் குறைவாக நடுங்கள். எவ்வளவு நடுவது என்பதை நிலத்தின் அளவு சொல்லாது. போரின் அளவுதான் சொல்லும்.

பயிற்சி

1. உங்கள் சொட்டுவானில் 3 நிமிடத்தில் 150 மில்லி வருகிறது. மணிக்கு எத்தனை லிட்டர்?
2. செடிக்கு 3 லிட்டர் வேண்டும். எத்தனை நிமிடம் ஓட்ட வேண்டும்?
3. உங்கள் போரில் 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது? அளந்து எழுதுங்கள்.

விடை: 1. 3 லிட்டர். 2. 60 நிமிடம்.