ஒற்றைத் துருவமும் ஊசலாடும்

முதல் வரிசை அமைப்பு ஊசலாடாது, ஊசலாட்டத்துக்குக் கலப்பெண் துருவங்கள் ஜோடியாக வேண்டும் என்பது கட்டுப்பாட்டுப் பொறியியல் படித்த பலரிடம் ஊறிப்போன நம்பிக்கை. தொடர்நேர அமைப்புகளுக்கு அது சரிதான். கணினி குறித்த இடைவெளியில் அளந்து திருத்தும் அமைப்புக்கு அதை அப்படியே கொண்டுவருவதுதான் பிழை. மோட்டார் நகர்த்தும் ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கணினி இலக்குக்கு உள்ள பிழையை அளந்து, அதன் K மடங்கு தூரம் மேசையை நகர்த்துகிறது. மிஞ்சும் பிழை முந்தையதைப் போல் (1−K) மடங்கு. அந்த 1−K தான் துருவம். K = 0.5 என்றால் 10 மி.மீ. பிழை 5, 2.5 என்று ஒரே பக்கமாகக் கரையும். K = 1.8 என்று பேராசைப்பட்டால் துருவம் −0.8, பிழை 10, −8, 6.4, −5.12 என்று அடிக்கு அடி குறி மாறும். இருந்தும் அமைப்பு நிலையானதே, ஏனெனில் அளவு 1-க்குள் இருக்கிறது. K இரண்டைத் தாண்டினால்தான் ஆட்டம் வளரும்.

துருவம் அலகு வட்டத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது தேய்வைச் சொல்கிறது, எந்தக் கோணத்தில் என்பது தாளத்தைச் சொல்கிறது. எதிர்க்குறி என்பது 180 பாகை, அதாவது இரண்டு அளவீட்டுக்கு ஒரு சுற்று. இதைவிட வேகமான ஆட்டத்தை அளவீடுகளில் காட்டவே முடியாது. கலப்பெண் ஜோடியையும் இதே கண்ணால் படிக்கலாம். தூரம் 0.9, கோணம் ±60 பாகை என்றால் சுற்றுக்கு 360/60 = 6 அளவீடு. சமன்பாடு y[n] = 0.9y[n−1] − 0.81y[n−2] + x[n]. ஒரே ஒரு தட்டு தட்டினால் வருவது 1, 0.9, 0, −0.729, −0.656, 0, 0.531. ஆறு அடியில் ஒரு சுற்று முடிகிறது, உயரம் 0.9-இன் ஆறாம் அடுக்கு, ஏறத்தாழ பாதி. இங்கே குறி மூன்று அடிக்கு ஒருமுறைதான் மாறுகிறது.

முதல் வரிசைக் கருவியை மாதிரியெடுத்தால் துருவம் எப்போதும் நேர்க்குறியாகத்தானே வரும், −0.8 காகிதக் கற்பனை அல்லவா என்று கேட்கலாம். கருவியைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் மேசையின் சொந்தத் துருவம் 1, அதை −0.8 வரை இழுத்துச் சென்றது கணினியின் திருத்தம். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: அதிரும் இயந்திரத்தை அரைச் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் அளந்தாலும் இதே குறிமாற்றம் தெரியும். பதிவான எண்களை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. K-ஐ மாற்றாமல் அளவீட்டு இடைவெளியைப் பாதியாக்கிப் பார்க்கலாம். மேசையின் ஆட்டம் அப்போதும் இரண்டு அளவீட்டுக்கு ஒரு சுற்றாகவே நிற்கும், நொடிக்கணக்கில் இரட்டிப்பு வேகமாகும். இயந்திரத்தின் சொந்த அதிர்வு நொடிக்கணக்கில் மாறாது, சுற்றுக்கு நான்கு அளவீடாக விரியும்.