டவுன்லோடு ஃபோல்டரில் கிடந்த பில்கள்

கேள்வி: ஈரோட்டில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. மொத்த வியாபாரிகள் கொள்முதல் பில்லை பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் அனுப்புவார்கள். எல்லாம் `invoice(3).pdf` என்கிற மாதிரிப் பெயர்களில் லேப்டாப்பில் கிடந்தன. போன மாதம் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. இந்த நேரம் பார்த்து, 2023-24இல் எடுத்த உள்ளீட்டு வரிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆடிட்டரிடம் டாலி கணக்கு இருக்கிறது, போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-2பி இருக்கிறது. அவை போதாதா? இனி பில்களை எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: போதாது. உள்ளீட்டு வரியை எடுக்க, பில் உங்கள் கைவசம் இருக்க வேண்டும் என்று மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 16(2) தனியாகவே சொல்கிறது. விற்றவர் அந்த பில்லைத் தம் ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும் என்பது வேறொரு நிபந்தனை. ஜிஎஸ்டிஆர்-2பி இந்த இரண்டாவதற்குத்தான் உதவும். டாலி என்பது நீங்கள் எழுதிய கணக்கு. அதற்கு ஆதாரம்தான் பில்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். தேதி, விற்றவர், பில் எண் ஆகிய மூன்றும் பெயரில் இருந்தால் போதும். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும்.

```
2024-09-28_S014_AB-24-25-0117.pdf
```

பில்லில் அச்சாகியிருக்கும் எண் `AB/24-25/0117`. பில் எண்ணில் சாய்கோடு போட ஜி.எஸ்.டி. விதி இடம் தருகிறது, விண்டோஸ் ஃபைல் பெயரில் அதை ஏற்காது. அதனால் பெயரில் கோடாக மாற்றுகிறோம். கொள்முதல் பதிவேட்டில் மட்டும் அச்சில் உள்ளபடியே சாய்கோட்டோடு எழுதுங்கள். 2பியோடு ஒப்பிடும்போது தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். S014 என்பது விற்றவருக்கு நீங்கள் வைத்த குறியீடு. எந்தக் குறியீடு யாருக்கு என்ற பட்டியலையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். அதிகாரி கேட்டால் ஃபைல்களின் விவரம், பாஸ்வேர்டு, குறியீடுகளின் விளக்கம் எல்லாம் தர வேண்டும் என்கிறது விதி 57.

பெயரை மாற்றினால் பில் செல்லாமல் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஃபைலின் உள்ளடக்கத்தை அது தொடுவதில்லை. ஆனால் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பி.டி.எஃப்.பைச் சுருக்குவதும், பத்து பில்லை ஒன்றாக ஒட்டுவதும் உள்ளடக்கத்தை மாற்றும். டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் அது கெட்டுவிடும். வந்ததை வந்தபடியே வையுங்கள்.

ஃபோல்டரை நிதியாண்டு வாரியாகவும், உள்ளே மாத வாரியாகவும் பிரிக்கலாம். சிக்கல் மார்ச் பில்லில்தான். 28-3-2024 தேதியிட்ட பில்லுக்கான சரக்கு ஏப்ரலில் வந்தது, வரியை ஏப்ரல் ரிட்டர்னில் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பில்லை அதன் தேதிப்படி 2023-24 மார்ச் ஃபோல்டரில்தான் போட வேண்டும். வரி எடுத்த மாதத்தைப் பதிவேட்டில் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

அழிக்கும்போதும் இந்த பில்லை நினைவில் வைக்க வேண்டும். ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும் என்பது பிரிவு 36. அதன்படி 2023-24க்கு 31-12-2030 வரை, 2024-25க்கு 31-12-2031 வரை. அந்த மார்ச் பில்லோ இரண்டு ஆண்டுக்கும் ஆதாரம். ஆகவே எந்த ஃபோல்டரையும் கூடுதலாக ஓராண்டு வைத்திருங்கள் என்பேன். வழக்கோ மேல்முறையீடோ இருந்தால், அது இறுதியாக முடிந்து ஓராண்டு ஆகும்வரை தொடவே கூடாது.

கேள்வி: கூகுள் டிரைவில் எல்லாம் ஏறும்படி இப்போது செட் செய்துவிட்டேன். இனி கவலை இல்லைதானே?

பதில்: பாதிக் கவலைதான் தீர்ந்தது. அது ஒரே ஃபோல்டரை இரண்டு இடத்தில் ஒரே மாதிரி வைத்திருக்கும் ஏற்பாடு. கடைப் பையன் லேப்டாப்பில் ஒரு மாதத்தைத் தவறி அழித்தால் டிரைவிலும் அழியும். அங்கே குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். ஆகஸ்டில் அழிந்தது டிசம்பரில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். எனவே மாதாமாதம் ரிட்டர்ன் போட்ட கையோடு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, கேபிளைக் கழற்றி, வீட்டில் வையுங்கள். கடையில் வைத்தால் தீயோ திருட்டோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கிலிருந்து ஐந்தாறு பில்களை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பேக்கப்பிலிருந்து தகவலை நியாயமான காலத்துக்குள் மீட்க முடிய வேண்டும் என்பதும் விதி 57தான்.

இப்போது வந்திருக்கும் நோட்டீஸுக்கு: 2பியை அச்செடுத்து, விற்றவர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொருவரிடமும் பில் நகல் கேளுங்கள். அவர்களுக்கும் அதே 72 மாதக் கடமை உண்டு, ஆகவே நகல் இருக்க வேண்டும். பெரிய தொகை பில்களிலிருந்து தொடங்குங்கள். நோட்டீஸில் போட்டிருக்கும் கெடுவுக்குள் எல்லாம் வந்து சேராது போலிருந்தால், கெடு முடியும்முன் காரணத்தை எழுதி அவகாசம் கேளுங்கள். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.