நின்றது போல் தெரிந்த மோட்டார்

இரண்டாம் ஆண்டு பட்டறை வகுப்பில் நான் எழுதிய அறிக்கையில் ஒரு மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 720 சுற்று என்று இருந்தது. ஆய்வக உதவியாளர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, மோட்டார் மேல இருக்குற தகட்டைப் படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

தகட்டில் 50 ஹெர்ட்ஸ், 4 துருவம், 1440 என்று இருந்தது. அப்படிப்பட்ட மோட்டார் 1500-ஐத் தாண்டாது. சுமை ஏறினால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பாதியாகக் குறைந்து நிதானமாக ஓடிக்கொண்டிருக்காது. அப்போ என் கண் பார்த்தது என்ன?

ஸ்ட்ரோபோஸ்கோப் என்பது விட்டுவிட்டு மின்னும் விளக்கு. தண்டு ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் ஒருமுறை மின்னினால், தண்டில் போட்ட வெள்ளைக் கோடு அசையாமல் நிற்கும். ஆனால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மின்னினாலும் கோடு அதே இடத்தில்தான் இருக்கும்! நான் விளக்கைக் குறைந்த வேகத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். 720-இல் கோடு நின்றதும் சந்தோஷமாக எழுதிவிட்டேன்.

அண்ணன் தலைகீழாகச் செய்யச் சொன்னார். 4000-இல் ஆரம்பித்து மெதுவாக இறக்கினோம். 2880-இல் எதிரெதிரே இரண்டு கோடுகள் நின்றன. அரைச் சுற்றுக்கு ஒரு மின்னல் என்று அர்த்தம். 2160-இல் மூன்று கோடுகள். 1440-இல்தான் முதன்முதலாக ஒரே கோடு. மேலிருந்து இறங்கும்போது முதலில் வரும் ஒற்றைக் கோடே உண்மையான வேகம். ஆரம்பிக்கும் இடம் மட்டும் உண்மையான வேகத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

"கிடைச்ச எண்ணை இரண்டு மடங்காக்கிப் பார்த்தா போதாதா?" என்று கேட்டேன். 720-ஐ இரட்டித்தால் மறுபடியும் ஒற்றைக் கோடு வரும், தப்பு பிடிபட்டுவிடும். ஆனால் 480-இல் நின்றிருந்தால்? இரட்டித்த 960-இல் ஒன்றரைச் சுற்றுக்கு ஒரு மின்னல். எதிரெதிரே இரண்டு கோடுகள் தெரியும். 480 சரி என்று நம்பிவிடுவோம்.

கோடு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மூன்று இறக்கை உள்ள விசிறியில் கோடு போடாமல் பார்த்தால், 4320-இலேயே அது நின்றதுபோல் தெரியும்.

பிறகு ஒளி டேக்கோமீட்டரில் சரிபார்த்தோம். அது காட்டியது 2880! பிரதிபலிப்பு நாடா ஒன்றுதான் ஒட்டியிருந்தோம்; ஆனால் தண்டில் பளபளவென்று இருந்த ஓர் இடத்தையும் கருவி சேர்த்து எண்ணிவிட்டது. அதைக் கறுப்பு நாடாவால் மறைத்த பிறகு 1440-க்கு வந்தது.

ஒன்று சொல்லாமல் விட்டேன். முதல்நாள் கோடு அசையாமல் நின்றபோது, அதன் மேல் இருந்த தூசியைத் துடைக்கக் கையை நீட்டினேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டு, ஸ்ட்ரோபோஸ்கோப்பை அணைத்தார். சாதாரண வெளிச்சத்தில் கோட்டையே காணோம், தண்டு சுற்றிக்கொண்டிருந்தது.