‘ரெரா அப்ளைடு’ என்று போட்டு சைட் பார்க்கக் கூப்பிடலாமா?

கேள்வி: அயோத்தியாப்பட்டணத்தில் மனை விற்கும் ஒரு புரமோட்டர் ஆபீஸில் விளம்பர வேலை பார்க்கிறேன். மூன்று ஏக்கர் லேஅவுட். டிடிசிபி ஒப்புதல் கைக்கு வந்துவிட்டது. ரெரா நம்பர் இன்னும் வரவில்லை. முதலாளி எழுதித் தந்த வாசகம் இது: “டிடிசிபி அப்ரூவ்டு, ரெரா அப்ளைடு! எட்டு வழிச்சாலை அருகில்! மனை வாங்குவோருக்கு மட்டுமே தனிப் பூங்கா! ஞாயிறு இலவச சைட் விசிட், அன்றே புக் செய்தால் தங்கக் காசு!” இதை வாட்ஸ்அப்பில் போடலாமா?

பதில்: இப்போது போடக்கூடாது. 2016 ரெரா சட்டத்தின் 3-ஆவது பிரிவு, பதிவுக்கு முன் விற்பதை மட்டும் தடுக்கவில்லை. விளம்பரம் செய்வதும், புக்கிங் எடுப்பதும், வாங்க வரும்படி எந்த வகையிலாவது ஆளை அழைப்பதும் கூடாது என்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கெல்லாம் இது பொருந்தும். ஆகவே உங்கள் ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட் அழைப்பே மீறல்தான். சட்டம் சொல்லும் ‘விளம்பரம்’ எந்த ஊடகத்தில் வந்தாலும் விளம்பரம்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குத் தனிச் சலுகை கிடையாது. அபராதம் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை போகும். ‘அப்ளைடு’ என்பது மனு கொடுத்ததற்கான சொல், அவ்வளவுதான். நம்பர் வரும்வரை முதலாளியைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

நம்பர் வந்த பிறகும் இதே வாசகம் உதவாது. பூங்காவை எடுத்துக்கொள்வோம். மூன்று ஏக்கர் என்றால் 1,30,680 சதுர அடி. சாலைகளுக்கு 40,680 போனதாக வைத்துக்கொண்டால் மீதி 90,000. அதில் பத்து சதவீதம், அதாவது 9,000 சதுர அடியைத் திறந்தவெளி ஒதுக்கீடாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட லேஅவுட்டாக இருந்தால் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்ட வழியுண்டு. உங்களுடையது அதைத் தாண்டுகிறது, இடமாகத்தான் தர வேண்டும். அந்த இடத்தையும் சாலைகளையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே இறுதி ஒப்புதல். எழுதிக் கொடுத்துவிட்ட பூங்கா ஊர்ப் பொதுச் சொத்து. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வந்து விளையாடினால் தடுக்க முடியாது. ‘வாங்குவோருக்கு மட்டுமே’ என்று நம்பி வாங்கியவர், 12-ஆவது பிரிவின்படி வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

எட்டு வழிச்சாலை பற்றி உங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018-இல் அறிவித்தார்கள். 2019 ஏப்ரலில் நில எடுப்பு அறிவிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நிலம் எடுக்கலாம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. போடாத சாலையைக் காட்டி மனை விற்பதைவிட, போட்ட உளுந்தூர்பேட்டை சாலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். வண்டி மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். அம்மாபேட்டை நெரிசலை ‘பத்தே நிமிடம்’ என்று எழுதியவர்கள் காலை ஒன்பது மணிக்கு அங்கே நின்றிருக்க மாட்டார்கள்.

வசதிகளில் முடிந்ததையும் முடியாததையும் பிரித்துச் சொல்வதுதான் நேர்மை. ‘24 மணி நேரத் தண்ணீர்’ என்றால் போர் தண்ணீரா, பேரூராட்சிக் குடிநீரா என்பதுதான் வருபவரின் முதல் கேள்வி. நம்பர் வந்ததும் இப்படி எழுதலாம்:

“அயோத்தியாப்பட்டணத்தில் 3 ஏக்கர் மனைப்பிரிவு. டிடிசிபி ஒப்புதல் எண் …, நாள் …. உள்ளாட்சி இறுதி ஒப்புதல் எண் …. ரெரா பதிவு எண் …, rera.tn.gov.in தளத்தில் சரிபார்க்கலாம். உளுந்தூர்பேட்டை சாலையிலிருந்து … கி.மீ. தார்ச்சாலையும் மின்கம்பமும் முடிந்தன. போர் தண்ணீர் உண்டு. பேரூராட்சிக் குடிநீர் இணைப்பு இன்னும் இல்லை. பூங்கா இடம் பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. சதுர அடி ரூ. …, பத்திரச் செலவு தனி. ஞாயிறு காலை 9 முதல் 1 வரை இடத்தைப் பார்க்கலாம். வரைபடம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று நகல்கள் அங்கேயே இருக்கும். அன்று முன்பணம் வாங்க மாட்டோம்.”

பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது 11-ஆவது பிரிவு. அடியில் எறும்பெழுத்தில் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். புரோக்கர்கள் தங்கள் செல் நம்பரைச் சேர்த்து அனுப்பினால் அவர்களுக்கும் தனி ரெரா பதிவு இருக்க வேண்டும்.

‘முன்பணம் வாங்க மாட்டோம்’ என்ற கடைசி வரியை முதலாளி அடிக்கப் பார்ப்பார். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க 13-ஆவது பிரிவு இடம் தரவில்லை என்பதை அவருக்குக் காட்டுங்கள். பத்துக்குள் வாங்கலாம்தான். ஆனால் வேனில் கூட்டி வந்து, சாப்பாடு போட்டு, தங்கக் காசைக் காட்டி வாங்கும் டோக்கன்தான் மறுவாரம் ‘திருப்பிக் கொடுங்கள்’ என்று ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறது.