மணல் லோடு அளக்கும்போது: ஓர் அங்குலம் எங்கே தவறினால் எவ்வளவு நஷ்டம்?

வீடு கட்டுகிறவர்களுக்கு மணலும் எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வந்து இறங்கும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரி பாடியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அடி வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டேப்பில் பார்த்த மூன்று அளவிலும் சிறு பிழை இருக்கத்தான் செய்யும். பெருக்கும்போது அந்தப் பிழைகள் என்ன ஆகின்றன, வந்த விடையை எதுவரை நம்பலாம் என்பதற்கான குறிப்புகள் இவை. கணக்குக்கு ஒரே ஒரு லோடை எடுத்துக்கொள்வோம்: பாடியின் உள்நீளம் 12 அடி 1 அங்குலம், உள்ளகலம் 7 அடி, மணலின் உயரம் 2 அடி 6 அங்குலம்.

1. மூன்று அளவையும் முதலில் அங்குலமாக மாற்றி எழுதுங்கள். 2 அடி 6 அங்குலத்தை கால்குலேட்டரில் 2.6 என்று தட்டுகிறவர்கள் நிறைய பேர். அது 2.5 அடி. இந்த ஒரு தவறிலேயே நம் லோடில் 8 கன அடி கூடிவிடும். 2 அடி 11 அங்குலத்தை 2.11 என்று தட்டினால் கதை தலைகீழாகி, முக்கால் அடிக்கு மேல் உயரம் காணாமல் போகும். அங்குலத்தில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. நம் லோடு 145, 84, 30. மூன்றையும் பெருக்கி 1728 ஆல் வகுத்தால் கன அடி. கால்குலேட்டர் 211.45833 என்று காட்டும். அந்த எண்ணை இப்போதைக்கு அப்படியே வைத்திருங்கள். நடுவில் எங்கும் வெட்டவோ முழுமையாக்கவோ வேண்டாம்.

2. ஓர் அங்குலப் பிழைக்கு எல்லாப் பக்கத்திலும் ஒரே விலை இல்லை. நீளத்தில் ஓர் அங்குலம் தவறினால் நம் லோடில் ஒன்றரை கன அடிதான் வித்தியாசம். அகலத்தில் தவறினால் இரண்டரை. உயரத்தில் தவறினால் 7 கன அடி! காரணம் எளிது. உயரத்தில் ஓர் அங்குலம் என்றால் லாரியின் முழுத் தரைக்கும் ஓர் அங்குலக் கனத்தில் பரப்பிய மணல். சதவீதத்தில் பார்த்தாலும் இதுதான். 145-இல் 1 என்பது 0.7 சதவீதம், 84-இல் 1 என்பது 1.2, 30-இல் 1 என்பது 3.3. எந்த அளவு மிகச் சிறியதோ, அதில்தான் பிழை பெரிதாகப் பேசும். பெரும்பாலான இடங்களில் நடப்பது என்னவோ நேர்மாறு. நீளத்தை இரண்டு பேர் டேப்பை இழுத்துப் பிடித்து நூல் சுத்தமாகப் பார்ப்பார்கள். உயரத்தை டிரைவர் பக்கப் பலகையில் கை வைத்துக் காட்டிய இடத்தோடு விட்டுவிடுவார்கள்.

3. உயரத்தை ஓர் இடத்தில் அளக்காதீர்கள். மணல் எந்த லாரியிலும் மட்டமாக நிற்பதில்லை. நடுவில் குவிந்தும் ஓரத்தில் சரிந்தும் இருக்கும். ஓரத்தில் மட்டும் அளந்தால் விற்பவருக்கு நஷ்டம், குவியலில் மட்டும் அளந்தால் உங்களுக்கு நஷ்டம். முடிந்தால் மணலை மண்வெட்டியால் மட்டம் செய்யச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாடியை நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் இரண்டு என்று ஆறு சம கட்டங்களாக மனதில் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு மெல்லிய கம்பியைச் செங்குத்தாகக் குத்துங்கள். கம்பி அடித்தகட்டில் இடித்ததும் மணல் மட்டத்தில் விரலால் பிடித்து, வெளியே எடுத்து டேப்பில் வையுங்கள். கம்பி சாய்ந்தால் உயரம் கூடுதலாகக் காட்டும், கவனம்.

நம் லோடில் 29, 31, 30, 28, 32, 30 என்று வந்தன என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 180, சராசரி 30 அங்குலம். தனித்தனி அளவுகள் 28-இலிருந்து 32 வரை ஓடினாலும், ஆறின் சராசரியை அரை அங்குலத்துக்குச் சற்று முன்பின்னாக நம்பலாம். கம்பி குத்த ஐந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்துக்கு டிரைவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

4. மூன்று பிழையையும் கூட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. மூன்றிலும் ஓர் அங்குலம் தவறியிருக்கலாம் என்று வைப்போம். மோசமான நிலையில் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், 7, 2.5, 1.5 கூட்டினால் 11 கன அடி. மூன்று பிழைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால் மூன்றும் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம். ஒன்று கூடியிருக்கும், ஒன்று குறைந்திருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பார்கள்: 49, 6.25, 2.25 கூட்டினால் 57.5, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.6, அதாவது 8 கன அடி.

இந்த 8-இல் ஏழு பங்கு உயரம் ஒன்றிலிருந்தே வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நீளத்தையும் அகலத்தையும் அரை அங்குலத் துல்லியத்தில் திரும்ப அளந்தாலும் 8 என்பது 7 ஆகத்தான் இறங்கும். அந்த உழைப்பை உயரத்தில் போட்டு, மூன்றாம் குறிப்பில் சொன்னபடி ஆறு இடத்தில் அளந்தால் 5-க்கும் கீழே வந்துவிடும்.

5. டேப்பே தவறாக இருந்தால் வர்க்கமூலம் உதவாது. பழைய துணி டேப் இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும். பத்து அடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றே மேல் நீண்டிருந்தால் அது ஒரு சதவீதம். நீளம், அகலம், உயரம் மூன்றுமே ஒரு சதவீதம் குறைத்துக் காட்டும். மூன்றும் ஒரே பக்கம் சாய்வதால் கன அளவு 3 சதவீதம் குறையும். நம் 211 கன அடி 205 என்று வரும். குறைத்து ஏற்றிவிட்டதாக விற்பவரிடம் வீண் சண்டை வரும். எத்தனை முறை திரும்ப அளந்தாலும், எத்தனை சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை போகாது. புதிய இரும்பு டேப் ஒன்றோடு பத்து அடிக்கு ஒட்டி வைத்துப் பார்த்துவிடுவதே வழி.

இரும்பு டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடுகிறதே என்று சுத்தியலால் தட்டி இறுக்கிவிடாதீர்கள். கொக்கியின் கனத்துக்குச் சமமாக அது ஆடும்படிதான் செய்கிறார்கள். வெளிவிளிம்பில் மாட்டி இழுத்தாலும், உள்சுவரில் முட்டி அளந்தாலும் சரியாக வருவதற்கான ஏற்பாடு அது. பாடியின் உள்ளளவை எடுக்கும்போது டேப்பை மூலையில் வளைத்து உத்தேசமாகப் படிப்பதை விட, டேப்பின் கூட்டைச் சுவரில் முட்ட வைத்து, கூட்டின் மேல் அச்சிட்டிருக்கும் அதன் நீளத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

6. விடையில் எத்தனை இலக்கம் எழுதலாம்? கால்குலேட்டர் தந்த 211.45833-இல் ஐந்து தசம இடங்கள் இருக்கின்றன. நம் பிழையோ 8 கன அடி. ஒற்றை இலக்கமே ஆடிக்கொண்டிருக்கும்போது புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களுக்கு அர்த்தமே இல்லை. முதலில் பிழையை ஓர் இலக்கத்துக்குச் சுருக்குங்கள்: 8. அது எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தோடு விடையையும் நிறுத்துங்கள்: 211, கூடக்குறைய 8. இப்போதுதான் வெட்ட வேண்டும், அதற்கு முன்னால் அல்ல.

பிழையைக் கணக்கிட நேரமில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. அளந்த மூன்றில் எதில் நம்பகமான இலக்கங்கள் குறைவோ, விடையிலும் அத்தனை இலக்கமே வையுங்கள். நம் உயரம் 30 அங்குலம், இரண்டு இலக்கம், ஆகவே 2.1 யூனிட். இதை 210 கன அடி என்று எழுதுவதை விட 2.1 யூனிட் என்று எழுதுவது எனக்குப் பிடிக்கும். 210-இன் கடைசி சைபர் அளந்து வந்ததா, இடம் நிரப்ப வந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது.

7. ரசீதோடு ஒப்பிடும்போது இந்த எண்களை வைத்தே பேசுங்கள். ரசீதில் 215 என்று இருந்தால் வித்தியாசம் 4. உங்கள் பிழைக்குள் அடங்குகிறது, பணத்தைக் கொடுத்துவிடலாம். 225 என்று இருந்தால் வித்தியாசம் 14. மூன்று பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் 11-தான் வரும், ஆகவே தாராளமாகக் கேட்கலாம். 220 என்று இருந்தால் வாயைத் திறப்பதற்கு முன் உயரத்தை மட்டும் இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.

8. மணல் ஈரமாக இருந்தால் டேப்பின் பிழையெல்லாம் சில்லறை. லேசான ஈரம் மணல் துகள்களைத் தள்ளி நிறுத்தும். நுண்மணல் 20 முதல் 30 சதவீதம் வரை கூட உப்பும். சோதிக்க, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள கண்ணாடி டம்ளரில் மணலைத் தட்டாமல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். மணலை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் கலக்கிப் படிய விடுங்கள். 8 சென்டிமீட்டரில் படிந்தால் உப்பல் 25 சதவீதம். இங்கேயும் உயரம் சிறியது என்பதால், படிந்த மட்டத்தைப் படிப்பதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடை 23-க்கோ 27-க்கோ போய்விடும். ஆகவே 'ஏறக்குறைய கால் பங்கு' என்பதற்கு மேல் துல்லியம் பேசாதீர்கள்.

9. தரைத்தொட்டிக்கும் இதே கணக்குதான். உள்ளளவு 6 அடி, 5 அடி, ஆழம் 6 அடி என்றால் 180 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஒவ்வோர் அளவிலும் அரை அங்குலம் தவறினால் மொத்தத்தில் 65 லிட்டர் அளவுக்கு ஆடும். ஆகவே 5,094 என்று எழுதாமல் 5,100 லிட்டர் என்று எழுதுங்கள். டேங்கர் தண்ணீரை அளக்கும்போது கூடுதல் கவனம் தேவை. ஊற்றுவதற்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் குச்சி விட்டுப் பார்ப்பீர்கள். இரண்டு அளவின் பிழையும் வித்தியாசத்தில் சேர்ந்துகொள்ளும். இந்தத் தொட்டியில் ஓர் அங்குல உயரம் என்பது 71 லிட்டர். டேங்கர்காரர் சொன்ன கணக்குக்கு 50 லிட்டர் குறைந்தால் விட்டுவிடுங்கள், 300 லிட்டர் குறைந்தால் விடாதீர்கள்.