உரிமத்துக்குக் காலாவதி இல்லை, மென்பொருளுக்கு?

கேள்வி: 12 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய மென்பொருள் உரிமத்துக்குக் காலாவதியே இல்லை. அதைப் போக்கெழுதாமல் விடலாமா?

பதில்: கூடாது. உரிமம் எத்தனை காலம் செல்லும் என்பதல்ல, மென்பொருள் எத்தனை காலம் பயன்தரும் என்பதே கணக்கு. தொழில்நுட்பம் விரைவில் பழசாகும் என்பதால் மென்பொருளின் ஆயுள் பெரும்பாலும் குறுகியதாகவே இருக்கும் என்கிறது இண்ட் ஏஎஸ் 38. ஐந்தாண்டில் மாற்றுவீர்கள் என்றால், பயன்பாட்டுக்குத் தயாரான நாளிலிருந்து ஆண்டுக்கு 2.40 லட்சம் எழுதுங்கள்.

“எப்போது மாற்றுவோம் என்று இப்போதே எப்படிச் சொல்வது?” என்பீர்கள். துல்லியம் தேவையில்லை, தயாரிப்பாளர் ஆதரவு தரும் காலம், உங்கள் பழைய மென்பொருள் உழைத்த ஆண்டுகள் ஆகியவற்றை வைத்து மதிப்பிட்டு, ஆண்டிறுதியில் திருத்தலாம். பணவரவுக்கு எல்லையே தென்படாத, வாங்கிய வணிகப் பெயர் போன்றவற்றுக்குத்தான் வரையறுக்க இயலாத ஆயுள். அதிலும் ஆண்டுதோறும் மதிப்பிழப்புச் சோதனை உண்டு; போக்கெழுதாதது சலுகையல்ல.