சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16-உம் ஒத்துப்போகிறதா?

ஜூன் 15-க்குள் ஆபீஸில் ஃபார்ம் 16 தந்துவிட வேண்டும். அது கைக்கு வந்ததும், ரிட்டர்ன் போடுவதற்கு முன் இதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

1. பன்னிரண்டு சீட்டையும் எடுத்து வைத்துக் கூட்ட வேண்டாம். மார்ச் மாதச் சீட்டில் 'ஒய்டிடி' என்றொரு பத்தி இருக்கும்; ஏப்ரலிலிருந்து வந்த மொத்தமும் அதிலேயே இருக்கிறது. அரசு ஊழியர் வீடு என்றால் மார்ச் சம்பளம் ஏப்ரலில்தான் கிடைக்கும், அதனால் கணக்கு மார்ச் முதல் பிப்ரவரி வரை.

2. கைக்கு வந்த தொகையை ஃபார்ம் 16-இல் தேடாதீர்கள், கிடைக்காது! பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தை, பகுதி 'பி'யில் 17(1) என்று போட்டிருக்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். கம்பெனி கார், வீடு போன்ற சலுகைகளின் மதிப்பு 17(2)-இல் தனியாக வரும்; அது சீட்டில் இல்லாவிட்டாலும் தப்பில்லை.

3. இரண்டும் ஒத்துவரவில்லையா? வித்தியாசத்தை முதலில் 12-ஆல் வகுத்துப் பாருங்கள். சீட்டில் 11,58,000, ஃபார்மில் 11,40,000 என்றால் வித்தியாசம் 18,000, மாதத்துக்கு 1,500. சீட்டில் எந்த இனம் 1,500 என்று தேடினால், பில் கொடுத்து வாங்கிய டெலிபோன் செலவாக இருக்கும். அதற்கு வரி இல்லை என்பதால் விட்டிருப்பார்கள், கணக்கு சரிதான்.

4. வகுத்தால் எந்த இனத்தோடும் பொருந்தவில்லையா? அப்படியானால் ஒரே மாதத்தில் வந்த போனஸையோ அரியரையோ பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். வித்தியாசம் 8,400, சம்பளமில்லா விடுப்புக்குப் பிடித்துப் பின்பு திருப்பித் தந்தது 4,200 என்றால், கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இது நிஜமான தப்பு; உடனே பேரோல் பிரிவுக்கு எழுதுங்கள்.

5. பிடித்த வரியை வருட மொத்தமாக மட்டும் பார்க்காமல், மூன்று மூன்று மாதமாகக் கூட்டிப் பகுதி 'ஏ'யின் நான்கு காலாண்டுகளோடு வைத்துப் பாருங்கள். எங்கே விட்டுப்போனது என்று தேடும் வேலை மிச்சம். அப்படியே வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ்-ஐயும் திறந்துவிடுங்கள். சீட்டில் பிடித்த வரி அங்கே இல்லையென்றால், ஆபீஸ் கட்டாமல் இருக்கலாம், அல்லது பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கலாம். திருத்த அறிக்கை போடச் சொல்லிப் புது ஃபார்ம் 16 கேளுங்கள். பிடித்த வரியை மறுபடி உங்களிடம் கேட்கக் கூடாது என்கிறது 1961 சட்டத்தின் 205-ஆவது பிரிவு. அதற்குச் சாட்சி உங்கள் சீட்டுகளும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான்.

6. சீட்டில் தொழில் வரி பிடித்திருக்க, ஃபார்மில் அதைக் கழிக்கவில்லையே என்று பதற வேண்டாம். புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது.

7. நடுவில் வேலை மாறியவர்களுக்குப் புது ஆபீஸில் ஒய்டிடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஃபார்ம் 16-உம் இரண்டு வரும். 2024-25-க்குப் புதிய முறையில் 75,000 நிலையான கழிவை இரண்டு ஆபீஸுமே கழித்திருந்தால், உங்களுக்கு ஒருமுறைதான் உண்டு; மீதிக்கு வரி கட்ட வேண்டிவரும். பழைய ஆபீஸின் லாகின் மூடுவதற்குள் சீட்டுகளையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.